புழுக்கமா, புழுதியா? வெயிலும் மூட்டமும் உள்ள இடத்துக்கு எந்த சோலார் பேனல்

"எங்கள் இடத்தில் வெயில் கடுமை. வானமோ பாதி நாள் மங்கலாகவே இருக்கிறது. இதற்கு சிலிக்கானைவிடக் காட்மியம் டெல்லுரைடு பேனல்தான் பொருத்தம் என்கிறார்கள். உண்மையா?" சூரிய மின் நிலையம் போடத் திட்டமிடும் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கூரையில் நாலு பேனல் வைப்பவர்களைவிட, நிலத்தில் பெரிய அளவில் போட நினைப்பவர்களே இதில் அதிகம் குழம்புகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதுதான். ஒன்று வெப்பத்தைப் பற்றியது, மற்றது மூட்டத்தைப் பற்றியது. கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியவைக்கும் காட்மியம் டெல்லுரைடுக்கு இரண்டிலும் முன்னிலை உண்டு என்று விற்பவர்கள் சேர்த்தே சொல்வார்கள். வெப்பத்தில் இருந்த முன்னிலை இன்றைய சிலிக்கானுக்கு எதிரே ஏறக்குறையக் கரைந்துவிட்டது. மூட்டத்தில் இருக்கும் முன்னிலை நிஜம்தான், ஆனால் அந்த மூட்டம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. காற்றில் நீராவி நிறைந்து வானம் மங்கியிருந்தால் கணக்கு ஒரு மாதிரி வரும். புழுதியாலும் புகையாலும் மங்கியிருந்தால் வேறு மாதிரி வரும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேனல் அட்டையில் அச்சிட்டிருக்கும் வாட் எண், ஒரு சோதனை அறையின் நிலைமையில் எடுத்தது. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி, ஒளியின் நிறக் கலவை ஒரு குறிப்பிட்ட தரப்படி. இந்த மூன்றும் எந்த வெயில் ஊரிலும் ஒன்றாக அமைவதில்லை. அந்தத் தர நிறக் கலவையில் கருதப்படும் வானம் மிகச் சுத்தமானது. தலைக்கு மேல் உள்ள காற்றிலிருக்கும் ஆவி முழுவதையும் நீராக்கித் தரையில் ஊற்றினால் 1.42 சென்டிமீட்டர் உயரம்தான் நிற்கும். ஈரமான கடலோர வெப்பப் பகுதிகளில் அது 4, 5 சென்டிமீட்டரைச் சாதாரணமாகத் தொடும்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை: சூடேறும்போது எந்தப் பேனல் எவ்வளவு இழக்கிறது, மூட்டத்தைத் தாண்டி வரும் ஒளியில் எந்தப் பேனலுக்குத் தேவையான பகுதி மிஞ்சுகிறது, கண்ணாடியில் அழுக்கு படிந்தால் என்ன ஆகிறது. அதன் பிறகு நிலம், கம்பி, ஆயுள் என்று வெளிக்கணக்கு. முதல் இரண்டையும் "அட்டையில் எழுதிய ஒரு கிலோவாட்டுக்கு எவ்வளவு" என்று அளக்கிறோம். கடைசிக் கணக்கை மட்டும் "ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு" என்று அளக்க வேண்டும். இந்த இரண்டு அளவையும் கலந்து பேசுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பாதி வாக்குவாதத்துக்குக் காரணம்.

## வெப்பம்: பழைய வாதம் இன்று எங்கே நிற்கிறது

செல் சூடேறினால் மின்னழுத்தம் குறையும், அதனால் திறனும் குறையும். திறன் எவ்வளவு குறையும் என்பதை டேட்டா ஷீட்டில் டிகிரிக்கு இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். வெப்பக் குணகம் என்பது அதுதான்.

ஒரு கணக்கு போடுவோம். காற்று 40 டிகிரி, பேனல் மேல் விழும் ஒளி சதுர மீட்டருக்கு 800 வாட். சாதாரண நிலப் பொருத்தலில் செல் சுமார் 65 டிகிரிக்குப் போகும். சோதனை அறையின் 25-ஐவிட 40 டிகிரி கூடுதல். பழைய பாலி சிலிக்கான் பேனலின் குணகம் சுமார் 0.41, ஆகவே இழப்பு 16 சதவீதத்துக்கு மேல். அதற்குப் பின் வந்த பெர்க் வகை மோனோ சிலிக்கானுக்கு 0.35 என்று வைத்தால் 14 சதவீதம். காட்மியம் டெல்லுரைடுக்கு 0.32 என்றால் 13 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.

இதுவரை காட்மியம் டெல்லுரைடு கட்சி சொல்வது சரி. பாலி பேனல்கள் சந்தையை ஆண்ட காலத்தில் இந்த வித்தியாசம் பெரிய விஷயம்தான். அப்புறம் டாப்கான் என்ற புதிய வகை சிலிக்கான் வந்தது. அதன் குணகம் 0.29 முதல் 0.32 வரை. அதாவது இழப்பு சுமார் 12 சதவீதம். ஹெட்டரோஜங்ஷன் வகைக்கு 0.25-ஐ ஒட்டி வரும், இழப்பு 10 சதவீதம்தான். இப்போது வெப்பத்தில் முந்துவது சிலிக்கான் குடும்பத்தின் உறுப்பினரே. காட்மியம் டெல்லுரைடு டாப்கானோடு சமமாக நிற்கிறது, பெர்க்கை மட்டும் ஒரு சதவீதம் அளவில் முந்துகிறது. யாராவது "வெப்பத்துக்கு மெல்லிய படலம்" என்று சொன்னால், எந்த சிலிக்கானோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மூட்டம் இருந்தால் பேனல் மேல் விழும் ஒளி குறையும், செல்லும் அவ்வளவு சூடாகாது. அதே 40 டிகிரி காற்றில் ஒளி 600 வாட்டாகக் குறைந்தால் செல் 59 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே வெயிலும் மூட்டமும் சேர்ந்த இடத்தில் குணக வித்தியாசத்தின் பலன் இன்னும் சுருங்குகிறது.

## மூட்டம்: ஆவியா, தூசா

இந்த ஒப்பீட்டில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது மின்சாரம் எழ ஒளித்துகளுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 1.12 எலக்ட்ரான் வோல்ட். புற ஊதாவின் விளிம்பிலிருந்து அகச்சிவப்பில் சுமார் 1100, 1200 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை அது பயன்படுத்தும். காட்மியம் டெல்லுரைடின் இடைவெளி 1.45-ஐ ஒட்டியது. அதனால் 850, 900 நானோமீட்டர் அளவிலேயே அதன் பார்வை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வரும் அகச்சிவப்பு அதற்கு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

நீராவி எங்கே ஒளியை உறிஞ்சுகிறது? பெரும்பகுதி அகச்சிவப்பில்தான். 940 நானோமீட்டரை ஒட்டி ஒரு பள்ளம், 1130-ஐ ஒட்டி இன்னொன்று, 1380-ஐ ஒட்டி மிக ஆழமான ஒன்று. காட்மியம் டெல்லுரைடு பார்க்கும் பகுதிக்குள் இவற்றில் எதுவும் கணிசமாக நுழைவதில்லை. சிலிக்கானுக்கு முதல் இரண்டும் உள்ளே வருகின்றன.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஈரக் காற்று காட்மியம் டெல்லுரைடுக்குப் புதிதாக ஒளி எதையும் தருவதில்லை. அது எப்படியும் தொடாத ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. மொத்த ஒளியை அளக்கும் பைரனோமீட்டர் அந்த இழப்பைப் பதிவு செய்கிறது, பேனலோ அதை உணர்வதில்லை. ஆகவே "இத்தனை ஒளி விழுந்தது, இத்தனை மின்சாரம் வந்தது" என்று வகுத்தால் காட்மியம் டெல்லுரைடு அட்டை எண்ணைவிட நன்றாகச் செயல்பட்டதாகத் தெரியும்.

எவ்வளவு? இதைக் கணக்கிட ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தார் உருவாக்கிய ஒரு எளிய சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. பைத்தானில் `pvlib` நூலகத்தில் அது கிடைக்கிறது. சூரியன் நடுத்தர உயரத்தில் இருக்கும்போது, நீராவி 4 சென்டிமீட்டர் என்றால் காட்மியம் டெல்லுரைடுக்கு சுமார் 4 சதவீதம் கூடுதல் வருகிறது, மோனோ சிலிக்கானுக்கு அரை சதவீதம்கூட வருவதில்லை. 5 சென்டிமீட்டர் என்றால் முன்னது 5 சதவீதத்தை நெருங்குகிறது. திருப்பிப் பாருங்கள்: வறண்ட, குளிர்ந்த காற்றில் நீராவி 0.5 சென்டிமீட்டர் என்றால் காட்மியம் டெல்லுரைடு 3 சதவீதம் இழக்கிறது, சிலிக்கான் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டி இழக்கிறது. அனுகூலம் தலைகீழாகிவிடுகிறது. இரண்டும் சமமாகும் இடம் சுமார் 1 சென்டிமீட்டர்.

இனி தூசு. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் நீராவி செய்வதற்கு ஏறக்குறைய எதிரானதைச் செய்கின்றன. புகை, வாகனப் புகை, வயல் எரிப்பு போன்றவற்றின் துகள்கள் மிகச் சிறியவை. குட்டை அலைநீளத்தை, அதாவது நீலப் பக்கத்தை, அவை அதிகம் சிதறடிக்கும். புகை மூட்டத்தில் சூரியன் செம்பழுப்பாகத் தெரிவது இதனால்தான். நீலமும் பச்சையும் குறைந்து அகச்சிவப்பு மிஞ்சினால், கண்ணுக்குத் தெரியும் ஒளியையே பெரிதும் நம்பியிருக்கும் காட்மியம் டெல்லுரைடுக்குத்தான் அடி. பாலைவனப் புழுதியின் துகள்கள் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைக்கும், அதனால் நிறக் கலவை அவ்வளவாக மாறாது. அங்கே காட்மியம் டெல்லுரைடுக்கு நட்டமும் அதிகமில்லை, லாபமும் இல்லை.

ஒரு சமாதானம் உண்டு. சிதறிய நீலம் முழுவதும் காணாமல் போவதில்லை. அதில் ஒரு பகுதி வானத்தின் மற்ற இடங்களிலிருந்து பேனலுக்கு வந்து சேரும். தட்டையான பேனல் அதையும் வாங்கிக்கொள்ளும். அதனால் நேர் கதிரை மட்டும் பார்த்துப் பயந்த அளவுக்கு இழப்பு இருக்காது. சூரியன் தாழ்ந்திருக்கும் காலை, மாலை நேரங்களில் மட்டும் இழப்பு நன்றாகத் தெரியும்.

நடைமுறையில் பலர் சறுக்குவது இங்கேதான். மேலே சொன்ன சூத்திரம் நீராவியையும் சூரிய உயரத்தையும் மட்டுமே கேட்கும், தூசைக் கேட்காது. தூசு, தரத்தில் உள்ள சுத்தமான வானத்தின் அளவே என்று அது எடுத்துக்கொள்கிறது. விற்பனை அறிக்கையில் "நிறக் கலவை லாபம் 4 சதவீதம்" என்று பார்த்தால் பெரும்பாலும் இந்தச் சூத்திரத்திலிருந்து வந்திருக்கும். புகை மூடிய இடத்துக்கு அது சற்றுத் தாராளமான எண். அதே நூலகத்தில் தூசையும் சேர்த்துக்கொள்ளும் இன்னொரு கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை:

```python
import numpy as np
from pvlib import spectrum
pw, am, aod = 4.0, 1.5, 0.8
for t in ("cdte", "monosi"):
    a = spectrum.spectral_factor_firstsolar(pw, am, t)
    b = spectrum.spectral_factor_caballero(pw, am, aod, t)
    print(t, round(float(np.squeeze(a)), 3), round(float(np.squeeze(b)), 3))
```

இங்கே `pw` நீராவி, சென்டிமீட்டரில். `am` சூரிய ஒளி கடக்கும் காற்றின் தடிமன். `aod` என்பது 500 நானோமீட்டரில் தூசின் ஒளித்தடிமன். தர வானத்தில் அது 0.084 மட்டுமே. அடர்ந்த மூட்ட நாளில் அது 0.8, 1 என்று போகும். உங்கள் இடத்துக்கு அருகே, காற்றிலுள்ள தூசை அளக்கும் `AERONET` வலையமைப்பின் நிலையம் இருந்தால் நீராவி, தூசு இரண்டின் அளவும் அங்கே கிடைக்கும். இல்லையென்றால் தரைக் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் கொடுத்து `gueymard94_pw` மூலம் நீராவியைத் தோராயமாக எடுக்கலாம். ஆண்டுச் சராசரி ஒரே எண்ணாக எடுக்காதீர்கள். மழைக்கால ஆவியும் கோடைக்காலத் தூசும் ஒன்றோடொன்று கலந்து, இரண்டுமே இல்லாத ஒரு வானத்தைக் காட்டிவிடும்.

## இரண்டு மங்கல் வானங்கள், ஒரே கணக்கு

இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பேனல் மேல் விழும் ஒளி 700 வாட். முதல் இடம் புழுக்கம்: காற்று 35 டிகிரி, நீராவி 5 சென்டிமீட்டர். இரண்டாவது இடம் புழுதி: காற்று 42 டிகிரி, நீராவி 1 சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் அட்டைப்படி ஒரு கிலோவாட் வைக்கிறோம். காட்மியம் டெல்லுரைடுக்குக் குணகம் 0.32, டாப்கானுக்கு 0.30.

புழுக்க இடத்தில் செல் 57 டிகிரி. வெப்பத்தில் காட்மியம் டெல்லுரைடு 10.2 சதவீதம் இழக்கிறது, நிறக் கலவையில் 4.9 சதவீதம் பெறுகிறது. வருவது 659 வாட். டாப்கான் 9.6 சதவீதம் இழந்து, அரை சதவீதத்துக்குள் பெறுகிறது. வருவது 636 வாட். காட்மியம் டெல்லுரைடு ஏறக்குறைய 4 சதவீதம் முன்னே நிற்கிறது.

புழுதி இடத்தில் செல் 64 டிகிரி. காட்மியம் டெல்லுரைடு தருவது 607 வாட், டாப்கான் 614. வித்தியாசம் ஒரு சதவீதம், டாப்கான் பக்கம். காற்றிலுள்ள தூசையும் கண்ணாடி மேலுள்ள தூசையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

வெப்பம் அதிகமான இடத்தில்தான் காட்மியம் டெல்லுரைடு பின்தங்குகிறது என்பதைக் கவனியுங்கள். வெயில் கடுமையை வைத்துத் தேர்ந்தெடுத்தால் தவறாகத் தேர்ந்தெடுப்போம். ஈரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு ஆட்டக்காரரை இன்னும் இறக்கவில்லை. டாப்கான் பேனல்கள் இப்போது பெரும்பாலும் இரு பக்கமும் ஒளி வாங்கும் வகை. பின்பக்கம் முன்பக்கத்தின் சுமார் 80 சதவீதத் திறனோடு வேலை செய்யும். காட்மியம் டெல்லுரைடில் பின்பக்க வரவு மிகக் குறைவு. வெளிர் நிறத் தரை, நல்ல உயரம், வரிசைகளுக்கிடையே இடைவெளி எல்லாம் அமைந்து பின்பக்கம் 6 சதவீதம் தந்தால், புழுக்க இடத்தின் 636 வாட் 674 ஆகிவிடும். காட்மியம் டெல்லுரைடின் 659-ஐ அது தாண்டிவிட்டது. தரை இருண்டு, புல் வளர்ந்து, பேனல் தாழ்ந்திருந்தால் அந்த 6 சதவீதம் வராது. ஆகவே தரையின் நிறத்தையும் வானத்தோடு சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

## அழுக்கு கண்ணாடியில் படிந்தால்

மூட்டம் வானத்தோடு நிற்பதில்லை, கீழே இறங்கும். படிந்த தூசும் குட்டை அலைநீளத்தையே கொஞ்சம் கூடுதலாக மறைப்பதால், ஒரே அளவு அழுக்கில் காட்மியம் டெல்லுரைடு சிலிக்கானைவிடச் சற்றே அதிகம் இழக்கும். இது சிறிய விஷயம்.

பெரிய விஷயம் கீழ் ஓரத்தில் நடக்கும். இரவில் பனி இறங்கும், தூசு நனைந்து வழிந்து பேனலின் கீழ்ச் சட்டத்தருகே நின்று, காலையில் காய்ந்து ஒரு சேற்றுப் பட்டையாகும். சிலிக்கானில் பேனலை நெடுக்கில் நிறுத்தியிருந்தால், கடைசி வரிசை செல்கள் முழுவதும் மறைந்து கீழ்ப்பாதியின் மின்னோட்டத்தையே பிடித்துக்கொள்ளும். பட்டையின் அகலம் ஒரு சாண்தான், இழப்போ அரைப் பேனலை நெருங்கும். நீளப் பக்கம் கிடைமட்டமாக இருக்கும்படி வைத்தால் பைபாஸ் டயோடு மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றும்.

காட்மியம் டெல்லுரைடில் செல்கள் மெல்லிய நீண்ட கோடுகளாக இருக்கும். ஒரு பேனலில் இருநூற்றுக்கும் மேல். சேற்றுப் பட்டை எல்லாக் கோடுகளையும் குறுக்கே வெட்டினால், ஒவ்வொரு கோட்டிலும் அதே பங்கு மறையும். பத்தில் ஒரு பங்கு மறைந்தால் இழப்பும் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இங்கே இது சிலிக்கானைத் தெளிவாக முந்துகிறது. ஆனால் பட்டை கோட்டுக்கு இணையாக விழும்படி பேனலை வைத்துவிட்டால், சில கோடுகள் முழுவதும் இருளும். அப்போது மொத்தப் பேனலும் பாதிக்கப்படும், இருண்ட கோடுகளுக்குச் சேதமும் வரலாம். பொருத்துவதற்கு முன் கண்ணாடியை உற்றுப் பார்த்தாலே கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியும்.

அழுக்கை அளக்கும்போதும் கவனம் தேவை. சுத்தமான பேனலின் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தோடு அழுக்குப் பேனலுடையதை ஒப்பிடுவது வழக்கம். சீராகப் படிந்த தூசுக்கு அது போதும். கீழ்ப் பட்டை இருக்கும்போது அந்த அளவு ஏமாற்றிவிடும், உச்சத் திறனை ஒப்பிட வேண்டும்.

## விலைப்புள்ளியில் தெரியாத செலவுகள்

காட்மியம் டெல்லுரைடு பேனலின் திறன் சுமார் 19 சதவீதம், டாப்கானுடையது 22, 23. ஒரு மெகாவாட்டுக்கு முன்னதற்கு 5,260 சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும், பின்னதற்கு சுமார் 4,440. கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடுதல் பரப்பு. அதற்கேற்ப இரும்பும் கூலியும், கழுவத் தண்ணீரும் கூடும். புழுக்க இடத்தில் கிடைத்த 4 சதவீதத்தை இதற்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். நிலம் விலை குறைவாகவும் தாராளமாகவும் இருந்தால்தான் கணக்கு தாங்கும். கூரை என்றால் தாங்கவே தாங்காது.

அடுத்து கம்பி. காட்மியம் டெல்லுரைடு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும், மின்னோட்டமோ 2, 3 ஆம்பியர். 1500 வோல்ட் அமைப்பில் ஒரு ஸ்டிரிங்கில், அதாவது தொடராகக் கோர்த்த ஒரு வரிசையில், ஆறு பேனல் வைத்தாலே எல்லை வந்துவிடும். சிலிக்கானில் ஒரே ஸ்டிரிங்கில் 25, 28 பேனல் கோர்க்கலாம். ஆகவே முன்னதில் இணையாகச் சேர வேண்டிய ஸ்டிரிங்குகள் பல மடங்கு அதிகம். அதற்கென்று தயாராக வரும் கேபிள் தொகுப்புகள் உண்டு, ஆனால் அவற்றின் விலை பேனல் விலையில் இல்லை. இணைப்புகள் கூடினால் பழுதாகும் இடங்களும் கூடும்.

கிடைப்பதும் ஒரு பிரச்சினை. சிலிக்கானைச் செய்பவர்கள் ஏராளம். பெரிய அளவில் காட்மியம் டெல்லுரைடு செய்பவர் என்றால் ஃபர்ஸ்ட் சோலார் ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வரும், சிறிய தயாரிப்பாளர்கள் சிலர். பத்து வருஷம் கழித்து உடைந்த பேனலுக்கு அதே அளவு, அதே மின்னழுத்தத்தில் மாற்று கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே நூற்றுக்கு ஒன்று வீதம் உதிரி வாங்கி வைப்பது நல்லது.

காட்மியம் பற்றிய பயத்தையும் எண்ணாகப் பார்க்கலாம். படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரான். அந்தப் பொருளின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிராம் காட்மியம், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே. ஓடும் காலத்தில் அது பெரிய கவலை இல்லை. உடைந்த பேனலைக் குழியில் போட்டு மூடுவதுதான் கவலை. மறுசுழற்சிக்குத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சிலிக்கான் பேனலின் ஈயப் பற்றாசுக்கும் இதே கேள்வி பொருந்தும், ஏனோ அங்கே யாரும் கேட்பதில்லை.

## ஆயுள்: புழுக்கம் இரண்டையும் வேறு வேறு வழியில் தாக்கும்

சிலிக்கானுக்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் உலோகத் தொடுப்புகள் அரிக்கும். பின்பக்கம் பிளாஸ்டிக் தாள், நடுவே ஈவிஏ பசைப் படலம் என்று அமைந்த டாப்கான் இதில் பலவீனமானது. ஈரமான இடத்துக்கு இரு பக்கமும் கண்ணாடி உள்ளதையே கேளுங்கள். பெர்க் வகையில் வெப்பத்தில் மெதுவாக வரும் திறன் குறைவு ஒன்று உண்டு, முதல் சில ஆண்டுகளில் தெரியும். மின்னழுத்தத்தால் வரும் சீர்கேடும் ஈரத்தில் வேகம் எடுக்கும். அது தொற்றிவிட்டால் ஸ்டிரிங்கின் எதிர்மின் முனைப் பக்கப் பேனல்கள் மற்றவற்றைவிடக் குறைவாகத் தரும். கண்டுபிடிக்க எளிய அடையாளம் அதுதான்.

காட்மியம் டெல்லுரைடு இயல்பாகவே இரு கண்ணாடிக்கு நடுவே, ஓரங்களில் ஈரம் புகாத முத்திரையோடு வருகிறது. அந்த முத்திரை இருக்கும்வரை ஈரத்தை நன்றாகத் தாங்கும். கண்ணாடியில் விரிசல் விழுந்தால் கதை மாறும். ஈரம் படலத்தைத் தொட்டதும் அந்த இடம் வெகு விரைவில் கெடும். அதனால் ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் விரிசல் பார்ப்பது இதில் கட்டாயம். சிலிக்கானில் அலட்சியமாக விடும் சிறு விரிசலை இதில் விட முடியாது.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | காட்மியம் டெல்லுரைடு | டாப்கான் சிலிக்கான் |
|---|---|---|
| வெப்ப இழப்பு, செல் 65 டிகிரியில் | சுமார் 13% | சுமார் 12% |
| நீராவி 4–5 செ.மீ. | 4–5% கூடுதல் | 0.5%-க்குள் கூடுதல் |
| நீராவி 1 செ.மீ. | சுமார் 1% குறைவு | ஒரு சதவீதத்துக்குள் குறைவு |
| நுண் புகை மூட்டம் | லாபம் குறையும் | பாதிப்பு குறைவு |
| கீழ் ஓரச் சேறு | சரியாக வைத்தால் இழப்பு பரப்புக்கேற்ப | நெடுக்கில் வைத்தால் அதிகம் |
| பின்பக்க வரவு | மிகக் குறைவு | வெளிர் தரையில் நல்லது |
| ஒரு மெகாவாட்டுக்குப் பரப்பு | சுமார் 5,260 ச.மீ. | சுமார் 4,440 ச.மீ. |

## யாருக்கு எது

ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, நிலம் போதுமான அளவு இருக்கிறது, தரை இருண்டது அல்லது பேனல் தாழ்வாக நிற்கும், அளவு பல மெகாவாட்: இந்த நான்கும் சேர்ந்தால் காட்மியம் டெல்லுரைடுக்கு நியாயமான வாய்ப்பு. மேகமும் நீராவியும் சேர்ந்த மங்கல் என்றால் இன்னும் நல்லது, ஏனெனில் மேகத்தைத் தாண்டி வரும் ஒளியிலும் அகச்சிவப்பின் பங்கு குறைவு. விலை சமமாக இருந்தால் நான் அங்கே அதைத்தான் எடுப்பேன்.

வறண்ட புழுதிப் பகுதி, வெளிர் மணல் தரை என்றால் இரு பக்க டாப்கான். வெப்பம் மிகக் கடுமையாக இருந்து கையில் கொஞ்சம் தாராளமும் இருந்தால் ஹெட்டரோஜங்ஷன். பேனலை நீளப் பக்கம் கிடைமட்டமாக இருக்கும்படி வையுங்கள், கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்காத வடிவமைப்பா என்று பாருங்கள். கூரை என்றால் எந்த வானமாக இருந்தாலும் சிலிக்கான்தான்.

புகை மூட்டம் சில மாதம், ஈர மூட்டம் சில மாதம் என்று மாறி மாறி வரும் இடங்கள்தான் சிக்கல். அங்கே மாதவாரியாக நீராவி, தூசு இரண்டையும் வைத்து, மேலே சொன்ன இரண்டாவது கணக்கை ஓட்டுங்கள். அந்தந்த மாதத்தின் ஒளி அளவால் பெருக்கிக் கூட்டுங்கள். வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வந்தால் நிறக் கலவையை மறந்துவிட்டு நிலம், கம்பி, வாரண்டி மூன்றையும் வைத்து முடிவெடுங்கள். கணிப்பின் பிழையே அந்த அளவு இருக்கும்.

முடிவெடுத்த பின் ஒப்பந்தத்தில் ஒரு வரி பார்க்க வேண்டும். செயல்திறன் உத்தரவாதத்தை எந்தக் கருவியால் அளப்பார்கள்? சிலிக்கான் ஒப்புநோக்குச் செல்லால் ஒளியை அளந்தால், அதுவும் சிலிக்கான் பேனல் போலவே ஒளியைப் பார்க்கும். பருவத்துக்குப் பருவம் வரும் நிறக் கலவை மாற்றம் சிலிக்கான் பேனலின் கணக்கில் தெரியாமல் போகும். பைரனோமீட்டரால் அளந்தால் காட்மியம் டெல்லுரைடின் எண் மழைக்காலத்தில் உயர்ந்து, வறண்ட காலத்தில் தாழும். விற்பவர் உயர்ந்த மாதத்தில் சோதனை வைத்துத் தேர்ச்சி காட்டலாம். நிறக் கலவைத் திருத்தம் செய்த எண்ணில்தான் உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள், அல்லது சோதனை பன்னிரண்டு மாதமும் நடக்க வேண்டும் என்று கேளுங்கள்.